கருதுகோள் சோதனை ஐந்தாம் வாரத்திலா, பதின்மூன்றாம் வாரத்திலா? முதலாண்டுப் புள்ளியியலுக்கு இரண்டு பாடத்திட்டங்கள்

காரைக்குடிக்கு அருகிலுள்ள ஒரு தன்னாட்சிக் கல்லூரியில் வணிகவியல், கணினி அறிவியல் மாணவர்கள் சேர்ந்து படிக்கும் முதலாண்டுப் புள்ளியியல் தாளுக்குப் புதிய பாடத்திட்டம் வகுக்க வேண்டிய நிலையில், பாடத்திட்டக் குழுவின் முன் இரண்டு வரைவுகள் இருக்கின்றன. இரண்டும் 15 வாரங்களுக்கு உரியவை. இரண்டிலும் வாரத்துக்கு நான்கு மணி நேரம். தலைப்புகளைத் தனித்தனியே எழுதிப் பார்த்தால் முக்கால் பங்கு ஒன்றாகவே இருக்கும். வேறுபாடு வரிசையிலும், ஒப்படைப்புகளின் இயல்பிலும், மதிப்பெண் பங்கீட்டிலும் இருக்கிறது. இந்தத் தாளைப் பல ஆண்டுகள் நடத்தியவன் என்ற முறையில், எந்த வரைவை எந்த நிபந்தனைகளோடு ஏற்கலாம் என்று எனக்குத் தோன்றுவதை இங்கே எழுதுகிறேன்.

முதல் வரைவு நமக்குப் பழக்கமானது. முதல் நான்கு வாரங்கள் தரவுகளை வகைப்படுத்துதல், சராசரிகள், சிதறல் அளவைகள், கோட்டம், அடுத்த ஐந்து வாரங்கள் நிகழ்தகவு, பேயீஸ் தேற்றம், சமவாய்ப்பு மாறி, ஈருறுப்பு, பாய்சான், இயல்நிலைப் பரவல்கள், பத்தாவதும் பதினோராவதும் ஒட்டுறவும் தொடர்புப் போக்கும், பன்னிரண்டில் கூறெடுத்தலும் திட்டப் பிழையும், பதின்மூன்றில் பெருங்கூறுச் சோதனைகள், பதினான்கில் டி-சோதனையும் கை-வர்க்கச் சோதனையும், பதினைந்தில் மீள்பார்வை. இதன் தர்க்கம் தெளிவானது. கருதுகோள் சோதனைக்குப் பரவல் வேண்டும், பரவலுக்கு நிகழ்தகவு வேண்டும், ஆகவே அடித்தளத்திலிருந்து கட்டிக்கொண்டு போக வேண்டும்.

இரண்டாம் வரைவு முதல் வாரத்தில் தரவு எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியோடு தொடங்குகிறது. இரண்டிலும் மூன்றிலும் வரைபடங்களும் அளவைகளும் வருகின்றன. நான்காம் வாரம் சோதனை ஆய்வுக்கும் வெறும் கண்காணிப்புக்கும் உள்ள வேறுபாடு. ஐந்தாம் வாரத்திலேயே கருதுகோள் சோதனை வந்துவிடுகிறது, ஆனால் அட்டவணை எதுவும் இல்லாமல், சீட்டுகளைக் கலைத்துப் போட்டு. ஆறில் பி-மதிப்பும் இருவகைப் பிழைகளும், ஏழில் மறுகூறெடுப்பின் வழி நம்பிக்கை இடைவெளி, எட்டில் ஒட்டுறவும் தொடர்புப் போக்கும். அதற்குப் பிறகே, ஒன்பது முதல் பதினொன்று வரை, நிகழ்தகவும் ஈருறுப்பு, இயல்நிலைப் பரவல்களும்; பன்னிரண்டில் மைய எல்லைத் தேற்றம்; பதின்மூன்றில் டி-சோதனை; பதினான்கில் கை-வர்க்கச் சோதனை; பதினைந்தில் மாணவர் ஆய்வு அறிக்கைகள். இந்த வரிசை யாரோ புதுமைக்காகச் செய்தது அன்று. ஜார்ஜ் காப் என்ற அமெரிக்கப் புள்ளியியலாளர் 2007இல் எழுதிய ஒரு கட்டுரையில், கணினி இல்லாத காலத்தில் கணக்கைச் சுருக்குவதற்காக இயல்நிலைப் பரவலை நடுவில் வைத்தோம், அந்தத் தேவை போன பிறகும் பாடத்தை அதைச் சுற்றியே ஓட்டுகிறோம் என்று வாதிட்டார். அதன் பிறகு பல நாடுகளில் இவ்வாறான பாடத்திட்டங்கள் எழுந்தன.

முதல் வரைவின் மீது எனக்குள்ள முதல் குறை கல்விக் கொள்கை சார்ந்ததன்று, நாட்காட்டி சார்ந்தது. முதலாண்டு மாணவர் சேர்க்கை முடிந்து வகுப்பு ஒழுங்காக ஓடத் தொடங்கவே தாமதமாகிறது. அதன் பிறகு ஆயுத பூசை, தீபாவளி, வடகிழக்குப் பருவமழைக்கான விடுமுறை என்று பருவத்தின் பின்பகுதி சுருங்கிவிடும். தேவகோட்டை, திருப்பத்தூர் பக்கத்திலிருந்து பேருந்தில் வரும் பிள்ளைகளுக்கு மழை நாள் என்றால் விடுமுறை அறிவிக்காவிட்டாலும் விடுமுறைதான். எனவே தாளில் 15 வாரம் என்றிருப்பது நடப்பில் 12 அல்லது 13 ஆகிறது. அப்படிச் சுருங்கும்போது வெட்டுப்படுவது எப்போதும் கடைசியில் இருப்பதுதான். முதல் வரைவில் கடைசியில் இருப்பது திட்டப் பிழையும் கருதுகோள் சோதனையும். அதாவது, எதற்காக ஒன்பது வாரம் அடித்தளம் போட்டோமோ அந்த வீடு கட்டப்படாமலே பருவம் முடிகிறது. இரண்டாம் வரைவில் அதே நாட்கள் போனால் வெட்டுப்படுவது கை-வர்க்கச் சோதனையும் அறிக்கை வாசிப்பும். அது வருத்தம்தான், ஆனால் தாளின் நோக்கம் காப்பாற்றப்படும்.

இனி, நிகழ்தகவு தெரியாத பிள்ளைக்கு ஐந்தாம் வாரத்தில் கருதுகோள் சோதனையை எப்படிச் சொல்ல முடியும் என்ற நியாயமான ஐயத்துக்கு வருவோம். கடந்த பருவத்தில் ஒரு பிரிவில் அதை நடத்திப் பார்த்தேன். நமக்குத் தெரிந்த ஆத்தங்குடிக் கல்லையே எடுத்துக்கொண்டேன். கண்ணாடி மேல் வண்ணச் சிமெண்டை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் இட்டு வார்த்து, பிறகு தண்ணீரில் ஊறவைத்துக் காயவைக்கும் அந்தக் கற்களில் எட்டை எடுத்து, குலுக்கல் முறையில் நான்கை ஒரு நாளும் நான்கை மூன்று நாளும் ஊறவைத்ததாகக் கொள்வோம். உடையும்வரை ஏற்றிய பாரம் கிலோவில், ஒரு நாள் ஊறியவற்றுக்கு 41, 44, 46, 49. மூன்று நாள் ஊறியவற்றுக்கு 47, 50, 52, 55. இவை பயிற்சிக்காக நான் வைத்துக்கொண்ட எண்கள். உண்மைக் கற்களை அளந்தவை அல்ல. சராசரிகள் 45, 51. வேறுபாடு 6 கிலோ. கேள்வி இதுதான்: ஊறும் நாளுக்கும் வலிமைக்கும் எந்தத் தொடர்பும் இல்லாமலிருந்தாலும் குலுக்கலின் அதிர்ஷ்டத்தால் மட்டும் இவ்வளவு வேறுபாடு வந்திருக்குமா?

எட்டு எண்களையும் எட்டுச் சீட்டுகளில் எழுதிக் கலைத்து, பார்க்காமல் நான்கை எடுத்துக் கூட்டச் சொன்னேன். ஊறுதல் எதையும் மாற்றவில்லை என்றால், 41 கிலோ தாங்கிய கல் எந்தக் குழுவில் விழுந்திருந்தாலும் 41 கிலோதான் தாங்கியிருக்கும். ஆகவே சீட்டைக் கலைப்பதும் குலுக்கலைத் திரும்ப நடத்துவதும் ஒன்றே. இந்த ஒரு வாக்கியத்தைப் பிள்ளைகள் தம் வாயால் சொல்லும்வரை மேலே போகக் கூடாது. பிறகு 40 பேர் ஆளுக்கு ஐந்து முறை கலைத்து, கிடைத்த கூட்டுத்தொகையைக் கரும்பலகையில் புள்ளியாக வைத்தார்கள். கூட்டுத்தொகை 178க்குக் கீழே போக முடியாது, 206க்கு மேலே போக முடியாது. புள்ளிகள் 192ஐச் சுற்றிக் குவிந்தன. உண்மைக் குழுவின் கூட்டுத்தொகை 180. 200 முறையில் அந்த அளவோ அதற்குக் குறைவாகவோ வருவது ஆறு முறை போலத்தான் இருக்கும்.

அந்த ஆறு எங்கிருந்து வருகிறது என்பதைக் கையாலேயே எண்ணிக் காட்டலாம் என்பதுதான் இந்தச் சிறிய எடுத்துக்காட்டின் நன்மை. எட்டிலிருந்து நான்கைத் தேர்ந்தெடுக்க 70 வழிகள் உண்டு. அவற்றில் கூட்டுத்தொகை 180ஐத் தாண்டாதவை இரண்டே: 41, 44, 46, 47 சேர்ந்தால் 178, 41, 44, 46, 49 சேர்ந்தால் 180. அடுத்துக் கிடைப்பது 181. ஆகவே ஒருபக்கச் சோதனையில் பி-மதிப்பு, அதாவது குலுக்கலின் அதிர்ஷ்டத்தால் மட்டும் இவ்வளவோ அதற்கு மேலோ வேறுபாடு வரும் வாய்ப்பு, 2/70, ஏறத்தாழ 0.029. எந்தப் பக்கம் வேறுபட்டாலும் கணக்கில் கொள்வதென்றால் மறுமுனையிலும் இரண்டு சேர்ந்து 4/70, அதாவது 0.057. ஃபிஷர் 1935இல் தேநீர்க் கோப்பைகளை வைத்து விளக்கிய புகழ்பெற்ற சோதனையிலும் இதே எட்டில் நான்கு, இதே 70 வழிகள்தான்.

கணினி ஆய்வகம் கிடைக்கும் நாளில் இதையே ஆர் மொழியில் மூன்று வரியில் செய்யலாம்.

```r
x <- c(41, 44, 46, 49, 47, 50, 52, 55)
s <- replicate(10000, sum(sample(x, 4)))
mean(s <= 180)
```

விடை ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாறும், 0.029ஐ ஒட்டியே நிற்கும். ஆனால் சீட்டுக்கு முன்னால் இந்த வரிகளைக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால், கணினி ஏதோ சொன்னது என்பதோடு விளங்குதல் நின்றுவிடும்.

இப்போது அதே எண்களுக்கு முதல் வரைவின் பதினான்காம் வாரத்து டி-சோதனையைப் போடுவோம். இரு குழுக்களிலும் மாறுபாடு 11.33. வேறுபாட்டின் திட்டப் பிழை 2.38. 6ஐ 2.38ஆல் வகுத்தால் டி-மதிப்பு 2.52. கட்டின்மைப் படிகள் 6. இருபக்கச் சோதனைக்கு 5 விழுக்காட்டு அட்டவணை மதிப்பு 2.447. கணக்கிட்ட மதிப்பு அதிகம், ஆகவே ஊறும் நாளால் வேறுபாடு இல்லை என்ற இன்மை கருதுகோள் மறுக்கப்படுகிறது என்று மாணவர் எழுதுவார், முழு மதிப்பெண்ணும் வாங்குவார். ஆனால் சீட்டு எண்ணிக்கை இருபக்கத்தில் 0.057 என்றதே? ஒன்று மறுக்கச் சொல்கிறது, மற்றொன்று தயங்குகிறது. இந்த இடம்தான் இரு வரைவுகளையும் பிரித்துக் காட்டுகிறது. டி-சோதனை, கற்களின் வலிமை இயல்நிலைப் பரவலைப் பின்பற்றுகிறது என்ற எடுகோளைத் தன்னோடு கொண்டு வருகிறது. சீட்டு முறை குலுக்கலை மட்டுமே நம்புகிறது, அதற்கு விலையாக 70 படிகளுக்கு மேல் நுணுக்கம் தர அதனால் முடியாது. நான்குக்கு நான்கு என்றால் இருபக்கத்தில் கிடைக்கக்கூடிய ஆகச் சிறிய பி-மதிப்பே 2/70. இரண்டையும் கண்ட மாணவருக்கு 5 விழுக்காடு என்ற கோடு இயற்கை விதி அன்று என்பது ஆசிரியர் சொல்லாமலே தெரிகிறது. டி-சோதனையை மட்டும் கண்டவருக்கு அந்தக் கேள்வி எழவே வழியில்லை.

இரண்டாம் வரைவில் கோளாறே இல்லை என்று சொல்ல மாட்டேன். சீட்டைக் கலைப்பதில் பழகிய பிள்ளைகள் எந்தத் தரவையும் கலைத்துவிட்டு, அதனால் காரணம் நிறுவப்பட்டது என்று எழுதுகிறார்கள். திங்களன்று வார்த்த கற்களை ஒரு நாளும் புதனன்று வார்த்தவற்றை மூன்று நாளும் ஊறவைத்திருந்தால், வேறுபாடு ஊறலாலா அன்றைய கலவையாலா என்று சீட்டு சொல்லாது. நான்காம் வாரத்தை அவசரமாக ஓட்டிய ஆசிரியருக்கு இந்தத் தவறு ஆறாம் வாரத்து விடைத்தாளில் வந்து நிற்கும்.

மறுகூறெடுப்பில் இன்னொரு சிக்கல் உண்டு. நான்கே எண்களைத் திரும்பத் திரும்ப எடுத்து இடைவெளி போட்டால், அந்த முறை தரும் திட்டப் பிழை வழக்கமான சூத்திரம் தருவதைவிட 13 விழுக்காடு போலக் குறைந்துவிடுகிறது. முக்காலின் வர்க்கமூலம் 0.87 என்பதே காரணம். ஆகவே ஏழாம் வாரத்துக்கு ஆத்தங்குடிக் கல்லை விட்டுவிட்டு, குறைந்தது 30 எண்கள் உள்ள தரவைத்தான் எடுக்க வேண்டும். வரைவில் இது எழுதப்படவில்லை, எழுதப்பட வேண்டும்.

இழப்பும் உண்டு. நிகழ்தகவுக்கும் பரவல்களுக்கும் ஐந்து வாரம் மூன்றாகச் சுருங்குவதால் பாய்சான் பரவலும் பேயீஸ் தேற்றத்தின் விரிவும் போய்விடுகின்றன. இந்தத் தாள் கணிதம் முதன்மைப் பாடமாக உள்ளவர்களுக்கு என்றால் அந்த இழப்பை நான் ஏற்க மாட்டேன். அவர்களுக்கு முதல் வரைவே பொருந்தும். வணிகவியல் மாணவர்களில் பெரும்பாலோருக்குப் புள்ளியியலில் இதுவே கடைசித் தாள் என்பதால்தான் என் தராசு மறுபக்கம் சாய்கிறது.

வாசிப்பைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. முதல் வரைவு குப்தா, கபூர் எழுதிய கணிதப் புள்ளியியல் நூலைப் பாடநூலாகச் சொல்கிறது. நல்ல நூல்தான், ஆனால் கணித மாணவர்களுக்காக எழுதப்பட்டது. வணிகவியல் மாணவர் அதைத் திறப்பதே இல்லை, குறிப்பேட்டைத்தான் படிக்கிறார். இரண்டாம் வரைவு ஓப்பன்ஸ்டாக்ஸ் வெளியிட்ட இலவசப் புள்ளியியல் நூலைச் சொல்கிறது. அதில் ஒரு முரண் இருக்கிறது. அந்த நூலின் மூன்றாம் இயல் நிகழ்தகவு, ஏழாவது மைய எல்லைத் தேற்றம், ஒன்பதாவதுதான் கருதுகோள் சோதனை; அதாவது அது முதல் வரைவின் வரிசையில் எழுதப்பட்ட நூல். ஐந்தாம் வாரத்து மாணவரை ஒன்பதாம் இயலுக்கு அனுப்பினால் அவர் அறியாத குறியீடுகளில் சிக்கிக்கொள்வார். அதற்குப் பதிலாக ஓப்பன்இன்ட்ரோ குழுவினரின் நவீனப் புள்ளியியல் அறிமுக நூலைக் கொள்ளலாம்; அதுவும் இணையத்தில் இலவசம், அதன் முதல் பதிப்பில் பதினோராம் இயல் கலைத்துப் பார்க்கும் சோதனையையும் பன்னிரண்டாவது மறுகூறெடுப்பையும் கணித மாதிரிகளுக்கு முன்பே சொல்கின்றன. ஆங்கிலம்தான் தடை. எனவே வாரத்துக்கு ஆறு பக்கத்துக்கு மேல் குறிக்காமல், முதல் மூன்று வாரங்களுக்குத் தமிழ்நாட்டு அரசின் பதினொன்றாம் வகுப்புப் புள்ளியியல் நூலின் தமிழ்வழிப் பதிப்பையே வாசிப்பாக வைக்கலாம் என்பது என் திருத்தம்.

ஒப்படைப்புகளில் முதல் வரைவு இரண்டு கேட்கிறது. இரண்டும் நூலின் பின்னால் உள்ள கணக்குகள். விடுதியில் ஒருவர் போட்டால் போதும், மறுநாள் காலைக்குள் வகுப்பு முழுவதும் ஒரே விடை, ஒரே அடித்தல் திருத்தல் உட்பட. இரண்டாம் வரைவு நான்கு கேட்கிறது. ஒவ்வொன்றிலும் மாணவர் தம் கூறைத் தாமே எடுக்க வேண்டும் என்பதால் விடைகள் இயல்பாகவே வேறுபடும். அவற்றில் எனக்குப் பிடித்தது முதல் வாரத்தது. ஒரு நகரத்தார் ஊரின் இரண்டு தெருக்களில் வீடு வீடாகச் சென்று, குடும்பத்தில் எத்தனை பேர் என்று கேட்கச் சொல்கிறது. பாதி வீடுகள் பூட்டியிருக்கும். உரிமையாளர்கள் சென்னையிலோ மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள், கோயில் விசேஷத்துக்கோ வீட்டுக் கல்யாணத்துக்கோதான் வளவு திறக்கும். திறந்திருந்த வீடுகளை மட்டும் வைத்துப் போட்ட சராசரி எதன் சராசரி, பூட்டிய வீட்டைச் சுழி என்று எழுதுவதா விட்டுவிடுவதா, பக்கத்து வீட்டு ஆச்சி சொன்ன எண்ணை ஏற்கலாமா என்ற கேள்விகளுக்கு மாணவர் அரைப் பக்கம் எழுத வேண்டும். பதில் கிடைக்காமையால் வரும் சாய்வை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் வேறெங்கும் கிடைக்காது. ஒன்று மட்டும்: வீட்டாரின் பெயரும் கதவு எண்ணும் தாளில் எழுதப்படக் கூடாது என்ற விதியைச் சேர்க்க வேண்டும்.

திருத்தும் சுமை இரட்டிப்பாகும் என்பது உண்மை. 60 மாணவர், நான்கு ஒப்படைப்பு என்றால் 240 தாள்கள். விடைகள் வேறுபடுவதால் ஒரே விடைக்குறிப்பை வைத்து ஓட்டவும் முடியாது. கணக்கை மாணவர்களே இணையாக மாற்றிச் சரிபார்க்க, ஆசிரியர் விளக்கப் பத்தியை மட்டும் மூன்று படிகளில் மதிப்பிடுவது நடக்கக்கூடியது.

கடைசியாக, மதிப்பெண். முதல் வரைவு 25க்கு அகமதிப்பீடு, 75க்குப் பருவத் தேர்வு. அந்த 25 என்பது இரண்டு தேர்வுகளுக்கு 15, ஒப்படைப்புக்கு 5, வருகைக்கு 5. இரண்டாம் வரைவு 40க்கு 60 என்கிறது. 40இல் வாராந்தரப் பத்து நிமிடத் தேர்வுகளுக்கு 12, ஒப்படைப்புகளுக்கு 12, அறிக்கைக்கு 10, இடைத்தேர்வுக்கு 6. இந்த எண்களைப் பற்றிக் குழுவில் நெடுநேரம் வாதிட்டோம். ஆனால் புள்ளியியல் கற்பிப்பவர்களே புள்ளியியலை மறந்து வாதிட்டோம் என்பதைப் பிறகுதான் உணர்ந்தேன். ஒரு பகுதி மாணவரின் இறுதி நிலையை எவ்வளவு தீர்மானிக்கிறது என்பது அதன் உச்ச மதிப்பெண்ணைவிட, அந்த மதிப்பெண் மாணவருக்கு மாணவர் எவ்வளவு வேறுபடுகிறது என்பதைப் பொறுத்தது.

கணக்கிட்டே பார்க்கலாம். நம் வழக்கப்படி 25க்கான அகமதிப்பெண் எல்லாருக்கும் 21 முதல் 24க்குள் விழுகிறது என்றும், அதன் திட்ட விலக்கம் 1.2 என்றும், 75க்கான தேர்வின் திட்ட விலக்கம் 12 என்றும், இரண்டுக்கும் ஒட்டுறவு 0.5 என்றும் கொள்வோம். மொத்த மதிப்பெண்ணின் மாறுபாடு 1.44, 144, 14.4 ஆகியவற்றின் கூட்டுத்தொகை, அதாவது 159.84. இதில் அகமதிப்பீட்டுக்கு உரியது அதன் சொந்த 1.44உம் பொதுப் பங்கில் பாதியான 7.2உம் சேர்ந்து 8.64. ஐந்து விழுக்காட்டுக்குச் சற்று மேல். தாளில் 25 என்று இருப்பது வரிசையைத் தீர்மானிப்பதில் வெறும் 5. இரண்டாம் வரைவில் 40 என்று உயர்த்திவிட்டு, பழைய தாராளத்தோடு எல்லாருக்கும் 34 முதல் 38 வரை போட்டால், அதன் திட்ட விலக்கம் 1.5 என்றும், 60க்கான தேர்வின் திட்ட விலக்கம் அதே விகிதத்தில் 9.6 என்றும் கொண்டால், அகமதிப்பீட்டின் உண்மைப் பங்கு 9 விழுக்காடுதான். அதே 40 நேர்மையாகத் திருத்தப்பட்டுத் திட்ட விலக்கம் 6 ஆனால் பங்கு 35 ஆகிறது. ஆகவே 25ஆ, 40ஆ என்பதைவிட, வருகைக்கு மதிப்பெண் உண்டா, ஒப்படைப்பில் எல்லாருக்கும் ஒரே எண்ணா என்பதுதான் தீர்மானிக்கிறது. வருகைக்கு மதிப்பெண்ணே இல்லாத இரண்டாம் வரைவு இந்த வகையில் சரி.

ஆனால் பருவத் தேர்வின் வினாத்தாள் அமைப்பை இரண்டாம் வரைவு தொடவே இல்லை, அதுதான் எனக்குக் கவலை. பத்து இரு மதிப்பெண் வினா, ஐந்து ஐந்து மதிப்பெண் வினா, மூன்று பத்து மதிப்பெண் வினா என்ற பழைய அமைப்பை 60க்குச் சுருக்கி அப்படியே வைத்தால், மாணவர் இரு மதிப்பெண்ணுக்கு வரையறையை மனப்பாடம் செய்வார், பத்து மதிப்பெண்ணுக்கு டி-சோதனையின் படிகளை மனப்பாடம் செய்வார். ஐந்தாம் வாரத்துச் சீட்டு மறந்துபோகும். பத்து மதிப்பெண் வினாக்களில் ஒன்று கட்டாய வினாவாக, ஒரு சிறு ஆய்வின் விவரத்தையும் அதன் பி-மதிப்பையும் கொடுத்து, இதிலிருந்து எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று கேட்பதாக இருக்க வேண்டும். பி-மதிப்பு 0.03 என்றால் இன்மை கருதுகோள் உண்மையாக இருப்பதற்கான வாய்ப்பு 3 விழுக்காடு என்று எழுதுபவருக்கு அதில் மதிப்பெண் கிடைக்கக் கூடாது. அந்த விடை எத்தனை தாள்களில் வருகிறது என்று எண்ணினாலே எந்த வரைவு வேலை செய்தது என்பது தெரிந்துவிடும்.

எனவே என் வாக்கு இரண்டாம் வரைவுக்கு, நான்கு திருத்தங்களோடு: ஏழாம் வாரத்துக்கு 30க்குக் குறையாத தரவு, ஓப்பன்ஸ்டாக்ஸுக்குப் பதில் மேற்சொன்ன நூல், முதல் வாரக் களப்பணியில் பெயரும் கதவு எண்ணும் கூடாது என்ற விதி, வினாத்தாளில் அந்தக் கட்டாய வினா. நான்காவதற்குக் குழு இசையாவிட்டால் முதல் வரைவையே வைத்துக்கொண்டு, நிகழ்தகவிலிருந்து ஒரு வாரத்தை மட்டும் எடுத்துச் சோதனைகளுக்குக் கொடுப்பது மேல். வினாத்தாள் மாறாமல் வரிசையை மட்டும் மாற்றினால் ஆசிரியரும் மாணவரும் அடுத்த ஆண்டே பழைய குறிப்பேட்டுக்குத் திரும்பிவிடுவார்கள்.